போன் உதவியாளரின் நினைவு: கையிலேயே இருக்கட்டுமா, கிளவுடில் இருக்கட்டுமா?

போனில் நம்மோடு பேசிப் பதில் சொல்லும் ஏஐ உதவியாளர் செயலிகளுக்கு நினைவுப் பகுதி எழுதிக் கொடுப்பது என் தொழில். அதனால் தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பொதுவாகப் பேசினால் பிடிபடாது என்பதால், ஒரே ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அது எங்கெல்லாம் போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

“நினைவில் வைத்துக்கொள்கிறேன்” என்று உதவியாளர் சொல்கிறதே, எதை, எங்கே எழுதி வைக்கிறது?

பேச்சுவாக்கில் நீங்கள், “அம்மாவுக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது, புது டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்” என்கிறீர்கள். ஒரு மொழி மாடல், அதாவது எழுத்தைப் படித்துப் பதில் எழுதும் மென்பொருள், அந்தப் பேச்சிலிருந்து “பயனரின் தாய்க்குப் பெனிசிலின் ஒவ்வாமை” என்ற வரியைப் பிரித்தெடுக்கிறது. அந்த வரி ஒரு தரவுத்தளத்தில் ஏறுகிறது. கூடவே, அதன் பொருளை எண்களாக மாற்றிய ஒரு நீண்ட எண் வரிசையும் ஏறுகிறது. சிறிய மாடல்களில் இந்த வரிசையில் 384 எண்கள் இருப்பது வழக்கம். பொருளில் நெருங்கிய இரண்டு வாக்கியங்களுக்கு எண் வரிசைகளும் நெருங்கியே இருக்கும்.

சில மாதங்கள் கழித்து மருந்தைப் பற்றி ஏதாவது கேட்கிறீர்கள். உங்கள் கேள்வியும் எண் வரிசையாகிறது. சேமித்தவற்றில் அதற்கு மிக நெருக்கமான நான்கைந்து வரிகள் எடுக்கப்படுகின்றன. அவற்றை உங்கள் கேள்வியோடு சேர்த்து மாடல் படித்துப் பதில் சொல்கிறது.

ஆக, நடப்பவை மூன்று வேலைகள்: வரியைப் பிரித்து எழுதுவது, வைத்திருப்பது, பின்னர் எடுத்துப் படிப்பது. “எல்லாம் உங்கள் போனிலேயே” என்று யாராவது சொன்னால், இந்த மூன்றில் எதைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் நடுவில் உள்ளதை மட்டும்தான் சொல்வார்கள்.

இவ்வளவையும் வைத்துக்கொள்ள போனில் இடம் போதுமா?

தாராளமாகப் போதும். மேலே சொன்ன வரி நூற்றுச் சொச்சம் பைட்டுகள். எண் வரிசை, எண்ணுக்கு 4 பைட் வீதம் 1,536 பைட்டுகள். நாளுக்குப் பத்து வரிகள் என்று ஐந்து ஆண்டுகள் சேர்த்தாலும் 18,250 வரிகள். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 30 எம்பி. கையளவு புகைப்படங்கள் பிடிக்கும் இடம்.

இடத்தைக் கேட்பது மாடல்தான். 300 கோடி அளவுருக்கள், அதாவது பயிற்சியில் கற்றுக்கொண்ட எண்கள், கொண்ட சிறிய மாடலை எண்ணுக்கு 4 பிட் என்று சுருக்கினாலும் 1.5 ஜிபி ஆகும். அதுவும் சேமிப்பில் தூங்கினால் போதாது. பதில் சொல்லும் நேரத்தில் ரேமில் உட்கார வேண்டும். அதனால்தான் பழைய போன்களில் நினைவு உள்ளே இருந்தாலும் அதைப் படிப்பவர், அதாவது மாடல், வெளியே இருக்கிறார்.

போனிலேயே இருக்கிறது என்றால் வெளியே போகவே போகாதுதானே?

போகலாம். அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். போனுக்குள் இருக்கும் மாடலுக்குக் கேள்வி கடினமாக இருந்தால் அது சர்வரில் உள்ள பெரிய மாடலுக்கு அனுப்பப்படுகிறது. அனுப்பும்போது கேள்வி தனியாகப் போவதில்லை. நினைவிலிருந்து எடுத்த வரிகளையும் கையோடு கூட்டிக்கொண்டு போகிறது.

நீங்கள் கேட்டது, “நாளை அம்மாவை வெளியே அழைத்துப் போகிறேன், எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?” என்று மட்டும்தான். புறப்பட்டுப் போவது இப்படி இருக்கும்:

```
பயனரைப் பற்றி அறிந்தவை:
- தாய்க்குப் பெனிசிலின் ஒவ்வாமை
- தாய்க்குச் சென்ற ஆண்டு முழங்கால் அறுவை சிகிச்சை
- தாயின் வீட்டை விற்பது பற்றித் தம்பியோடு தகராறு
- தாய்க்கு மறதி கூடுவதாகப் பயனருக்குக் கவலை
கேள்வி: நாளை அம்மாவை வெளியே அழைத்துப் போகிறேன்...
```

முழங்கால் விஷயம் இந்தக் கேள்விக்கு வேண்டும். வீட்டுத் தகராறு எதற்கு? “அம்மா” என்ற பொருளுக்கு நெருக்கமாக இருந்ததால் அதுவும் வந்து ஒட்டிக்கொண்டது. நெருக்கத்தை அளக்கும் கணக்குக்கு நாசூக்கு தெரியாது. தரவுத்தளம் போனை விட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் நான்கைந்து வரிகளாக அதன் உள்ளடக்கம் சர்வருக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

அப்படிப் போன வரிகளை மறுமுனையில் என்ன செய்கிறார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆப்பிள் 2024இல் அறிவித்த ஏற்பாட்டில், பதில் திரும்பிய பிறகு சர்வரில் எதுவும் தங்காது என்பது வடிவமைப்பின் ஒரு பகுதி. அந்தச் சர்வரில் ஓடும் மென்பொருளை வெளி ஆய்வாளர்கள் சரிபார்க்கவும் வழி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. பிழை கண்டறிவதற்கு என்று சில நாட்களோ வாரங்களோ பதிவு வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம்.

என்னுடைய போனில் எது எங்கே நடக்கிறது என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். உதவியாளரிடம் ஒரு வரியை நினைவில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு விமானப் பயன்முறையை இயக்கி, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, “அம்மாவுக்கு எந்த மருந்து ஆகாது?” என்று கேளுங்கள். சரியான பதில் வந்தால் நினைவும் படிப்பவரும் போனுக்குள் இருக்கிறார்கள் என்று பொருள். இணைப்பு இல்லை என்று வந்தால், அமைப்புகளில் நினைவுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பட்டியல் தெரிந்தால் நினைவின் ஒரு பிரதியாவது போனில் இருக்கிறது, படிப்பவர்தான் வெளியே. பட்டியலும் வரவில்லை என்றால் முழுதும் சர்வரில்.

அடுத்து, அதே கணக்கைக் கொண்டு வேறொரு கருவியில் உள்நுழையுங்கள். நீங்கள் எதையும் மாற்றிக் கொடுக்காமலே பட்டியல் அங்கே தோன்றினால், அது ஏதோ ஒரு சர்வர் வழியாகத்தான் வந்தது.

இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. எளிய கேள்விக்குப் போனே பதில் சொல்லிவிட்டு, கடினமானதை மட்டும் வெளியே அனுப்பும் உதவியாளரை முதல் சோதனையில் பிடிக்க முடியாது. ஆகவே இணைப்பு இல்லாத நிலையில் ஒரு நீளமான, பல விஷயங்களைக் கோக்கும் கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். அங்கே தடுமாறினால், அன்றாடம் அது யாருடைய தோளில் சாய்கிறது என்பது தெரிந்துவிடும்.

கிளவுடில் வைத்தாலும் என்கிரிப்ட் செய்துதான் வைக்கிறோம் என்கிறார்களே, அது போதாதா?

சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் அந்தப் பூட்டு இருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. சாவி யாரிடம் என்பதுதான் பேச்சு. சர்வரின் சேமிப்பு வட்டைத் திருடிக்கொண்டு போகிறவனிடமிருந்து அந்தப் பூட்டு காப்பாற்றும். நிறுவனத்தின் ஊழியரிடமிருந்தோ, நீதிமன்ற ஆணையிடமிருந்தோ, நிறுவனத்தின் உள் அமைப்புக்குள் நுழைந்துவிட்டவனிடமிருந்தோ காப்பாற்றாது. ஏனெனில் சாவி அங்கேயே தொங்குகிறது.

தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று: பாஸ்வேர்டை மறந்துவிட்டு, எல்லாக் கருவிகளையும் தொலைத்துவிட்டு, நிறுவனத்தின் உதவியோடு மட்டும் உங்கள் நினைவுகளைத் திரும்பப் பெற முடியுமா? முடியும் என்றால் சாவி அவர்களிடம். முடியாது, மீட்புக் குறியீட்டை நீங்கள்தான் பத்திரப்படுத்த வேண்டும் என்றால் சாவி உங்களிடம்.

சாவி உங்களிடம் மட்டும் இருந்தால் எல்லாம் சுகமா என்றால், அங்கேயும் ஒரு விலை உண்டு. சர்வரால் படிக்க முடியாத ஒன்றில் சர்வரால் எளிதில் தேடவும் முடியாது. நினைவுகளைத் தொகுப்பது, பழையதைக் கழிப்பது, முரண்பட்டவற்றைச் சரிசெய்வது எல்லாம் உங்கள் கருவியின் தலையில் விழும். கிளவுட் வெறும் பெட்டகமாகிவிடும்.

எண் வரிசையை மட்டும்தான் அனுப்புகிறோம், வாக்கியத்தை அனுப்பவில்லை என்று ஒரு செயலி சொல்கிறது. நம்பலாமா?

நம்பி இளைப்பாற வேண்டாம். எண் வரிசையிலிருந்து மூல வாக்கியத்தைப் பெரும்பாலும் அப்படியே மீட்டெடுக்க முடியும் என்று 2023இல் ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். நினைவு வரிகள் குட்டையானவை என்பதால் இந்த ஆபத்துக்கு இன்னும் வாகானவை. எண் வரிசையை வாக்கியத்துக்குச் சமமான ரகசியமாகவே நடத்த வேண்டும்.

போன் தொலைந்தாலோ, புது போன் வாங்கினாலோ என் நினைவுகள் என்ன ஆகும்?

இதற்கு ஊகம் தேவையில்லை. கண்முன்னே நடந்த ஓர் உதாரணம் இருக்கிறது. நீங்கள் எந்த நாளில் எங்கே இருந்தீர்கள் என்று குறித்து வைக்கும் கூகுள் மேப்ஸின் காலப்பதிவு பல ஆண்டுகள் கூகுளின் சர்வர்களில் இருந்தது. ஒரு குற்றம் நடந்த இடத்தைச் சுற்றி அந்த நேரத்தில் யார் யாருடைய போன்கள் இருந்தன என்று அமெரிக்கக் காவல்துறையினர் மொத்தமாகக் கேட்டு வாங்கும் வழக்கம் அதனால் உருவானது. சம்பந்தமே இல்லாமல் அந்த வழியாக நடந்து போனவரும் அந்தப் பட்டியலில் வருவார்.

2023 டிசம்பரில் கூகுள் அதை மாற்றுவதாக அறிவித்தது. பதிவுகள் இனி அவரவர் போனில் இருக்கும். பேக்கப் வேண்டுமென்றால் என்கிரிப்ட் செய்து வைத்துக்கொள்ளலாம். புதிதாக இயக்குபவர்களுக்குத் தானாக அழியும் கெடு 18 மாதங்களிலிருந்து 3 மாதங்களாகக் குறையும். மொத்தமாகக் கேட்பதற்குச் சர்வரில் குவியல் இல்லாமல் போனது. அதே மாற்றத்தால் கணினியில் உலாவியைத் திறந்து பழைய பயணங்களைப் பார்க்கும் வசதியும் போனது.

பிறகு 2025 மார்ச்சில், ஒரு தொழில்நுட்பக் கோளாறால் சிலருடைய பதிவுகள் போனிலிருந்து அழிந்துவிட்டதாகக் கூகுளே ஒப்புக்கொண்டது. பேக்கப்பை இயக்கி வைத்திருந்தவர்கள் மீட்டுக்கொண்டார்கள். மற்றவர்களுக்குப் பல ஆண்டுப் பதிவுகள் போனது போனதுதான். சர்வரில் இருந்த காலத்தில் அப்படியொரு இழப்பை யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உதவியாளரின் நினைவுக்கும் இதே கணக்கு. போனில் மட்டும் வைத்தால் ஒரே பிரதி. பிரதி வேண்டுமென்றால் பேக்கப். பேக்கப் என்றதும் மறுபடியும் சாவிப் பேச்சு வந்துவிடுகிறது. ஐபோனின் வழக்கமான ஐகிளவுட் பேக்கப்பில் சாவி ஆப்பிளிடமும் இருக்கிறது. 2022 இறுதியில் வந்த கூடுதல் பாதுகாப்பு ஏற்பாட்டை நாமே இயக்கினால்தான் அது நம்மிடம் மட்டும் வரும். போனுக்குள் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்த நினைவு, இரவில் சார்ஜ் ஏறும்போது பேக்கப் வழியாக நிறுவனத்தின் சாவிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளலாம். செயலி எழுதுபவர் அந்தக் கோப்பைப் பேக்கப்பிலிருந்து விலக்கி வைக்க முடியும். விலக்கினாரா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கடினம். புது போனுக்கு மாறும் அன்று நினைவு கூடவே வந்ததா, வெறுமையாக நின்றதா என்பதில் தெரியும்.

“அழி” என்று அழுத்தினால் உண்மையிலேயே அழிந்துவிடுமா?

எதை அழித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பெனிசிலின் வரியை நினைவுப் பட்டியலில் அழித்தாலும், அந்த வரி பிறந்த உரையாடல் தனியாக இருக்கும். உரையாடலை அழித்தாலும் அதிலிருந்து எடுத்த வரி பட்டியலில் தங்கியிருக்கும். இரண்டையும் அழித்த பிறகும், “மூத்த தாயைப் பராமரிப்பவர், உடல்நலக் கேள்விகள் அதிகம் கேட்பவர்” என்பது போன்ற ஒரு சுருக்கம் வேறு எங்காவது உட்கார்ந்திருக்கலாம். ஒரு மரத்தை வெட்டியதும் நிழல் போய்விடும் என்று எதிர்பார்க்கிறோம். இங்கே நிழலுக்குத் தனி வேர் இருக்கிறது.

சர்வரில் இருப்பதற்கு இன்னொரு சிக்கல் உண்டு. நியூயார்க் டைம்ஸ் தொடுத்த வழக்கில், பயனர்கள் அழித்த உரையாடல்களையும் அழிக்காமல் பாதுகாக்கும்படி 2025 மே மாதத்தில் அமெரிக்க நீதிமன்றம் சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐ நிறுவனத்துக்கு ஆணையிட்டது. வழக்கமாக 30 நாட்களுக்குள் அழிய வேண்டியவை அவை. அந்தக் கட்டாயம் அந்த ஆண்டு செப்டம்பரில் விலகியது. இடைப்பட்ட மாதங்களில் “அழி” என்று அழுத்தியவர்களுக்கும் அந்த வழக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

போனில் அழிப்பதும் மந்திரம் இல்லை. போன் செயலிகள் பெரும்பாலும் பயன்படுத்தும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில், ஒரு வரியை நீக்கினால் அது இருந்த இடம் “காலி” என்று குறிக்கப்படும். வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரை பழைய எழுத்துகள் அங்கேயே கிடக்கலாம். எழுதுபவர் கவனமாக இருந்தால் இதைத் தவிர்க்கலாம்.

போனில் வைத்திருந்தால் திருடனிடமிருந்து பாதுகாப்பா?

போன் அணைந்து கிடந்தால் மிகவும் பாதுகாப்பு. போனை இயக்கி முதல்முறை கடவுக்குறியீட்டைப் போடும் வரை, உள்ளே இருக்கும் கோப்புகளைத் திறக்கும் சாவிகள் கிடைக்காது. ஒருமுறை திறந்துவிட்டால் கதை வேறு. பிறகு திரையைப் பூட்டினாலும், பெரும்பாலான செயலிகளின் கோப்புகளுக்கான சாவி போனின் நினைவகத்தில் தயாராகவே இருக்கும். பின்னணியில் வேலை நடக்க அது வேண்டும். தடயவியல் கருவி வைத்திருப்பவர்கள் குறிவைப்பது இந்த நிலையைத்தான். இதனால்தான் மூன்று நாட்கள் திறக்கப்படாமல் கிடந்தால் ஐபோன் தானாகவே மறுதொடக்கம் செய்துகொள்ளும்படி ஐஓஎஸ் 18.1இல் மாற்றினார்கள்.

கணினி உலகில் இதற்கு ஒரு பாடம் கிடைத்தது. திரையில் தெரிவதை எல்லாம் படம்பிடித்து நினைவில் வைக்கும் “ரீகால்” வசதியை மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் அறிவித்தது. எல்லாம் கணினியிலேயே இருக்கும், வெளியே போகாது என்றார்கள், அது உண்மையும்கூட. ஆனால் பயனர் உள்நுழைந்திருக்கும்போது அந்தத் தரவுத்தளத்தைச் சாதாரணக் கோப்பைப் போல வாசித்துவிட முடியும் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெளியீடு தள்ளிப்போனது, என்கிரிப்ஷனும் முக அடையாளம் போன்ற சரிபார்ப்பும் சேர்த்த பிறகு 2025 ஏப்ரலில்தான் வந்தது.

என்னைக் கேட்டால், தடயவியல் கருவியைவிட வீட்டில் உள்ளவர்களைத்தான் அதிகம் கணக்கில் எடுக்க வேண்டும். கடவுக்குறியீடு தெரிந்த ஒருவர் நினைவுப் பட்டியலைத் திறந்தால், உங்கள் ஓராண்டுக் கவலைகள் வரிசையாக, சுருக்கமாக, தேடும் வசதியோடு கிடைக்கும். பட்டியலைத் திறக்கத் தனியாகக் கைரேகை கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால், நினைவு போனில் இருப்பதன் பலன் பாதி போயிற்று.

கிளவுடில் வைத்தால் பதில் நன்றாக இருக்கிறது என்று தோன்றுகிறதே, என் பிரமையா?

பிரமை இல்லை. பெரிய மாடல் வரிகளைச் சரியாகப் பிரிக்கிறது. சிறிய மாடல் சறுக்கும் இடம் முதல் வேலையிலேயே வந்துவிடுகிறது. தமிழில் நாம் எழுவாயை விழுங்கிப் பேசுகிறோம்: “மாத்திரை கொடுத்தேன், ஒத்துக்கொள்ளவில்லை, பெனிசிலினாம்.” யாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை? முந்தைய ஐந்து வாக்கியங்களை ஞாபகம் வைத்திருந்தால்தான் அம்மா என்று தெரியும். சிறிய மாடல் “பயனருக்குப் பெனிசிலின் ஒவ்வாமை” என்று எழுதி வைத்துவிடும். மாதங்கள் கழித்து, உங்களுக்குத் தொண்டை வலிக்கும் நாளில், அந்தத் தவறான வரி முழு நம்பிக்கையோடு எழுந்து வரும்.

போனிலேயே பிரித்தெடுக்கும் உதவியாளர் வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது பட்டியலைப் பார்ப்பது நல்லது என்று நான் சொல்வது இதற்காகத்தான். முக்கியமானதைச் சொல்லும்போது முழு வாக்கியமாக, ஆள் பெயரோ உறவோ சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இன்று போனில் வைக்கிறேன் என்பவர்கள் நாளை மாற்றமாட்டார்களா?

மாற்றலாம். அமேசானின் சில எக்கோ ஸ்பீக்கர்களில், குரல் பதிவை நிறுவனத்துக்கு அனுப்பாமல் கருவியிலேயே எழுத்தாக மாற்றும் விருப்பம் ஒன்று இருந்தது. 2025 மார்ச் 28 அன்று அதை நிறுத்திவிட்டார்கள். பெரிய அப்டேட் வந்த மறுநாள் விமானப் பயன்முறைச் சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பது என் பழக்கம். ஐந்து நிமிட வேலை.

நீங்கள் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. என் சட்டை எந்த அளவு, எந்த வடிவத்தில் கடிதம் எழுதப் பிடிக்கும், என்ன படித்துக்கொண்டிருக்கிறேன் என்பவை கிளவுட் நினைவில் இருக்கின்றன. கசிந்தாலும் கூச்சம்கூட வராது. மூன்று கருவிகளிலும் கிடைப்பது வசதி. உடல்நலம், பணம், வீட்டுச் சண்டை, அலுவலக ரகசியம் ஆகியவை போனில் மட்டும். அவற்றைப் பற்றிய கேள்விகளைப் போனுக்குள் ஓடும் மாடலிடமே கேட்கிறேன், பதில் கொஞ்சம் மந்தமாக வந்தாலும் சரி. பேக்கப் உண்டு, மீட்புக் குறியீடு தாளில் எழுதப்பட்டு, போன் இல்லாத இடத்தில் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் இன்னும் தடுமாறுகிறேன்: மற்றவர்களைப் பற்றிய வரிகள். போன மாதம் பட்டியலைப் பார்த்தபோது, நண்பர் ஒருவரின் மணமுறிவு பற்றிய வரி என் கிளவுட் நினைவில் இருந்தது. எப்படி ஆறுதல் சொல்லி எழுதுவது என்று நான் கேட்டதிலிருந்து உருவானது. சேமி என்று நான் சொல்லவில்லை, அவரும் சம்மதிக்கவில்லை. வரியையும் உரையாடலையும் அழித்தேன். அன்றிலிருந்து அப்படிப்பட்ட கேள்விகளுக்கு, எதையும் நினைவில் வைக்காத தற்காலிக உரையாடலைத் திறந்துகொள்கிறேன்.